உயில் சாசனம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12ஆம் தேதி, தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம் வட்டம், கும்பகோணம், பாரதி நகர், கதவு எண் 14இல் வசிக்கும், காலஞ்சென்ற கோவிந்தசாமி அவர்களின் மகனும் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருமான, 74 வயதாகும் கோ. இராமலிங்கம் ஆகிய நான், முழு சுயநினைவுடனும் தெளிந்த மனநிலையிலும், யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில் எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்:

எனக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மற்றபடி உடல் நன்றாகவே இருக்கிறது, நினைவும் தெளிவாக இருக்கிறது. இதை எழுத அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாக யோசிக்கக்கூடிய காலத்திலேயே எழுதிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். இதற்கு முன் நான் உயில் எதுவும் எழுதியதில்லை.

என் மனைவி இரா. சரோஜா, வயது 68. எங்களுக்கு செந்தில்குமார் என்ற மகனும் கவிதா என்ற மகளும் இருக்கிறார்கள். செந்தில்குமாரின் பிள்ளைகள் இனியன் (வயது 19), யாழினி (வயது 14). கவிதாவின் மகன் தமிழ்ச்செல்வன் (வயது 11). இவர்களைத் தவிர எனக்கு வேறு வாரிசுகள் கிடையாது.

இதன் கீழ் சொத்து விவரத்தில் கண்ட மனையை 1987ஆம் ஆண்டு என் சம்பளச் சேமிப்பிலிருந்து கிரயம் பெற்றேன். அரசு ஊழியர்களுக்குத் தரப்படும் வீடு கட்டும் முன்பணத்தை வாங்கி 1991இல் கீழ்த்தளம் கட்டினேன். அந்தக் கடன் முழுவதும் என் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டுத் தீர்ந்துவிட்டது. 2009இல் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையைக் கொண்டு மறு ஆண்டு மாடி கட்டினேன். ஆகவே மனையும் கட்டடமும் முழுக்க என் சுயார்ஜிதம். பூர்வீகச் சொத்து எதுவும் இதில் கலக்கவில்லை. அடமானம், ஜப்தி, முன் விக்கிரயம் என்று எந்த வில்லங்கமும் இல்லை.

என் ஆயுட்காலம் வரை இச்சொத்தை நானே அனுபவித்து வருவேன். என் காலத்துக்குப் பின் இது என் மனைவி சரோஜாவை ஆயுட்கால அனுபவ உரிமையாக அடைய வேண்டியது. கீழ்த்தளத்தில் அவர் குடியிருக்கலாம். விரும்பியவரைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். மாடிப் பகுதியை வாடகைக்கு விடவும், வாடகைதாரரை மாற்றவும், முன்பணம் வாங்கவும், வாடகையைத் தம் விருப்பப்படி செலவிடவும் அவருக்கு மட்டுமே அதிகாரம். வாடகைக் கணக்கை யாரும் அவரிடம் கேட்கக் கூடாது. சில மாதம் அவர் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்க நேர்ந்தால், அல்லது மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், அதனால் அவருடைய உரிமை போய்விட்டதாகக் கொள்ளக் கூடாது. வீடு பூட்டிக் கிடந்தாலும் சாவி அவருடையதே.

அதே சமயம், இச்சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகவோ செட்டில்மென்டாகவோ எழுதிக் கொடுக்கவோ, இதன்பேரில் பொது அதிகார ஆவணம் கொடுக்கவோ அவருக்கு உரிமை இல்லை. இது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(2) பிரிவின்படியான வரையறுக்கப்பட்ட உரிமையே தவிர, அவருக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு ஈடாகத் தரப்படுவது அல்ல. இந்தக் கட்டுப்பாட்டை அவர்மீது நம்பிக்கை இல்லாமல் வைக்கவில்லை. வயதான காலத்தில் "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று யாராவது தாளை நீட்டினால், மறுத்துப் பேச சரோஜாவுக்கு வாய் வராது. கையெழுத்துப் போட உரிமையே இல்லாவிட்டால் கேட்கவும் ஆள் வர மாட்டார்கள். இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். அப்படியே எழுதச் சொன்னார்.

வங்கியிலும் அஞ்சலகத்திலும் என் பெயரில் உள்ள வைப்புத் தொகை, சேமிப்பு இருப்பு ஆகிய அனைத்தும் என் மனைவிக்கே முழு உரிமையாகச் சேர வேண்டும். எந்தக் கணக்கில் யார் பெயர் நாமினியாக இருந்தாலும், அவர் பணத்தைப் பெற்று என் மனைவியிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. குடும்ப ஓய்வூதியம் விதிகளின்படி அவருக்குத் தனியே வரும். மருத்துவச் செலவென்று வீட்டைத் தொடும் நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வைப்புத் தொகையை அவருக்கு மட்டும் விட்டிருக்கிறேன்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டணம் ஆகியவற்றை என் மனைவி வாடகையிலிருந்து கட்டி வர வேண்டியது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது போன்ற சிறு வேலைகளும் அதிலேயே நடக்கும். பெரிய பழுதுகளை மகனும் மகளும் சரிபாதியாக ஏற்றுக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பாக மாடியின் வடமேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஐப்பசி மழைக்குக் கசிவு வரும். மேலே சிமென்ட் பூசினால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும். தளவோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும்.

என் மனைவியின் காலத்துக்குப் பின், இச்சொத்து என் பேரப்பிள்ளைகள் இனியன், யாழினி, தமிழ்ச்செல்வன் ஆகிய மூவரையும் தலைக்கு மூன்றில் ஒரு பங்காக, சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைய வேண்டியது. மகன் வழியில் பாதி, மகள் வழியில் பாதி என்று பிரிக்கவில்லை. பேரன் பேத்தி என்ற வித்தியாசமும் இல்லை. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, மீதி வராது. எனக்கு முன்பே என் மனைவி காலமாகிவிட்டால், என் காலத்துக்குப் பின் சொத்து நேரடியாக இவர்களுக்கே சேரும். சொத்து கைக்கு வரும் முன் மூவரில் யாரேனும் காலமாக நேர்ந்தால், அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் இல்லாவிட்டால் மற்ற இருவருக்கும் சமமாகச் சேர வேண்டும்.

மகனுக்கும் மகளுக்கும் இச்சொத்தில் பங்கு வைக்காததற்கு வருத்தம் எதுவும் காரணமல்ல. இருவரையும் படிக்க வைத்தேன். இருவருக்கும் வேலையும் சொந்த வீடும் இருக்கின்றன. என் முடிவு இருவருக்கும் தெரியும்.

சொத்து கைக்கு வரும்போது மைனராக இருக்கும் பேரப்பிள்ளையின் பங்கை, 18 வயது முடியும்வரை, கீழே சொல்லும் நிறைவேற்றாளர் பராமரிக்க வேண்டும். அந்தப் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் யாரும் விற்கக் கூடாது. மூவரில் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால், அன்றைய சந்தை விலைக்கு முதலில் மற்ற இருவரிடம் கேட்டு, அவர்கள் எழுத்து மூலம் வேண்டாம் என்ற பின்பே வெளியாருக்கு விற்க வேண்டும். நடு ஹாலில் சுவர் எழுப்பிப் பிரித்தால் மூவருக்கும் உதவாத வீடாகிவிடும். ஒத்து வராவிட்டால் முழுதாக விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதே மேல்.

என் புத்தக அலமாரியும் அதிலுள்ள புத்தகங்களும், கரும்பலகையில் வட்டம் போட நான் வைத்திருந்த மரக் காம்பஸும் யாழினிக்கு. அவள்தான் கேட்டாள்.

என் தங்கை மகன் சுந்தரமூர்த்தி (வயது 49) அவர்களை இந்த உயிலின் நிறைவேற்றாளராக நியமிக்கிறேன். அவர் சம்மதித்திருக்கிறார். அவருக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம் செய்ய அவர் உதவ வேண்டும். அசல் கிரயப் பத்திரம், பட்டா நகல், கட்டட அனுமதி, வரி ரசீதுகள் ஆகியவை படுக்கையறை இரும்பு பீரோவின் மேல்தட்டில், பச்சைக் கோப்பில் உள்ளன.

இந்த உயில் என் ஆயுளுக்குப் பின்பே அமலுக்கு வரும். என் ஆயுட்காலத்தில் இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு முழு உரிமை உண்டு.

சொத்து விவரம்

தஞ்சாவூர் மாவட்டம், கும்பகோணம் வட்டம், கும்பகோணம், பாரதி நகர், மனை எண் 14. 1987ஆம் ஆண்டின் 1123ஆம் எண் கிரயப் பத்திரப்படி எனக்குப் பாத்தியப்பட்டது. 20 அடி சாலைக்கு வடக்கு, மனை எண் 22க்குத் தெற்கு, மனை எண் 13க்குக் கிழக்கு, மனை எண் 15க்கு மேற்கு. இதன் மத்தியில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி மனையும், அதில் கட்டியுள்ள கீழ்த்தளம், மாடி, கிணறு, மோட்டார், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சுற்றுச்சுவர், நடைபாதை உரிமை உட்பட.

எழுதி வைத்தவர்
(ஒப்பம்) கோ. இராமலிங்கம்

மேற்படி இராமலிங்கம் அவர்கள் இந்த உயிலைப் படித்துப் பார்த்து எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டதை நாங்கள் இருவரும் நேரில் பார்த்தோம். அவர் முன்னிலையில் நாங்களும் சாட்சிகளாகக் கையொப்பமிடுகிறோம். எங்கள் இருவருக்கும் இந்த உயிலால் எந்த ஆதாயமும் இல்லை.

1. (ஒப்பம்) த. வேணுகோபால், வயது 61, த/பெ. தணிகாசலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்.

2. (ஒப்பம்) அ. முகமது யூசுப், வயது 52, த/பெ. அப்துல் காதர், மருந்துக்கடை உரிமையாளர், கும்பகோணம்.