2.5 கண்டன்சர்

செல்வக்குமார் சேனல் ஆரம்பித்தது ஐப்பசியில். சீலிங் பேனைப் பற்றிப் பேச அதைவிடப் பொருந்தாத மாதம் கிடையாது. சங்கரன்கோவிலில் மழை பிடித்துக்கொண்டால் பேன் ரெண்டில் ஓடினாலே போதும். மெதுவாகச் சுற்றுகிறதே என்று யாரும் மெனக்கெட்டுத் தேட மாட்டார்கள். அவனுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பேட்டை ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் முடித்துவிட்டு ஒரு வைண்டிங் கடையில் வேலைக்கு இருந்தான். கோடையில் கடை மேசைக்கடியில் பேன்கள் குவியும். அஞ்சில் வைத்தாலும் வேகம் இல்லை என்பதுதான் பெரும்பாலும் புகார். கழற்றி மீட்டரில் வைத்தால் 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய கண்டன்சர் 1.6 காட்டும். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காகப் பேனை இறக்கி, ஆட்டோ பிடித்து, இரண்டு நாள் வியர்வையில் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி ஆட்டோவில் கொண்டுபோவார்கள். வீட்டிலேயே இருபது நிமிடத்தில் முடியும் வேலை இது என்று சொல்ல ஆசைப்பட்டான். சேனலுக்குக் 'கழட்டிப் பார்' என்று பெயர் வைத்தான்.

முதல் வீடியோ பதினான்கு நிமிடம். அதில் நாற்பது விநாடி பாட்டும் சுழலும் எழுத்துகளும். ஒரு வாரத்தில் முப்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். வேலைக்கு நடுவே மேசைக்குக் கீழே போனை வைத்து ஸ்டுடியோ செயலியைத் திறந்து திறந்து பார்த்தான். அந்தக் கவனக்குறைவில் ஒரு பேனுக்கு பேரிங் மாற்றும்போது ஷாஃப்டில் இருந்த மெல்லிய வாஷரைப் போடாமல் மூடிவிட்டான். சுற்றுகிற மூடி ஸ்டேட்டரில் உரசி, பேன் கரகரவென்று கத்தியது. முதலாளி திட்டவில்லை. "போனை டிராயர்ல வச்சிட்டு வேலையப் பாருடே" என்றார்.

கார்த்திகையில் வழியை மாற்றினான். தினம் ஒன்று, அதுவும் ஐம்பது விநாடி ஷார்ட்ஸ். 'ஒரே நிமிஷத்துல பேன் பறக்கும்' என்று தலைப்புப் போட்ட ஒன்று ஒன்பதாயிரம் பார்வையைத் தாண்டியது. அன்று இரவு அவனால் தூங்க முடியவில்லை. ஆனால் அந்த ஒன்பதாயிரத்தில் சேனலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். பெரிய வீடியோக்களை அவர்களும் தொடவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் வேறு, வீட்டில் பேன் ஓடாமல் தேடி வருகிறவர் வேறு.

நான்காம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. "தம்பி, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் தொட்டேன். ஷாக் அடிச்சு ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டேன். முழங்கையில நாலு தையல்."

நேரம் குறைக்க அவன் வெட்டி எறிந்தது முதல் எட்டு விநாடிதான். மெயினை அணைக்கச் சொல்லும் இடம் அது. பழைய வீடுகளில் வயரிங் மாற்றிப் போட்டிருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். சுவிட்சை அணைத்தால் பேன் நிற்கும், வயரில் கரண்ட் அப்படியே இருக்கும். எம்சிபியை இறக்க வேண்டும், இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு வயரையும் பார்க்க வேண்டும். அவன் அந்த வீடியோவை நீக்கினான். விழுந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். அதற்குப் பிறகு மூன்று வாரம் எதுவும் போடவில்லை.

அப்பா மாடசாமி திருநெல்வேலி வண்டியில் கண்டக்டர். ஒரு நாள் டிப்போ ஓய்வறையில் டிரைவரோடு உட்கார்ந்து மகனுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏலே, நீ பேசுததே கேக்கல. பாட்டுதான் கேக்குது. டிரைவரு அண்ணன் பாதியிலே எந்திச்சுப் போயிட்டாரு."

"முதல்ல அப்படித்தாம்ப்பா. எல்லா சேனல்லயும் இன்ட்ரோ இருக்கு."

"ஸ்டாண்டுல நிக்கிறவன் வண்டி கலரையா பாக்கான்? போர்டைத்தான் பாக்கான். எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் ஏறுவான். உன் வண்டியில போர்டே இல்லியே."

அதைச் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். செல்வக்குமார் இதுவரை வைத்த தலைப்புகளை வரிசையாக நினைத்துப் பார்த்தான். 'சூப்பர் டிப்ஸ்', 'யாரும் சொல்லாத ரகசியம்', 'பேன் பறக்கும்'. பழுது என்னவென்று ஒன்றிலும் இல்லை.

தை மாதம் சாமான் வாங்க ஜங்ஷனுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவின் 4.40 வண்டியிலேயே ஏறினான். ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது மூன்று டிக்கெட். இருட்டில் ஒரு நிறுத்தத்தில் ஆளே இல்லை. ஆனாலும் அப்பா விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, ஊர்ப் பெயரைச் சொல்லி, டிக்கெட் மிஷினில் ஸ்டேஜை மாற்றினார். மாற்றாவிட்டால் அடுத்த ஊரில் ஏறுகிறவருக்குக் கட்டணம் தப்பாக வரும். பனவடலிசத்திரத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா தூரத்தில் ஓடி வந்தார். நின்று ஏற்றிக்கொண்டு, கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். தேவர்குளத்தில் ஒன்பது பேர். மானூருக்கு அப்புறம் நிற்க இடமில்லை.

"இந்த ட்ரிப் எப்பவுமே இப்படித்தானாப்பா?"

"விட்ட புதுசுல மானூர் வரைக்கும் காலியாத்தான் போகும். நேரம் தப்பாம வந்துச்சுன்னு தெரிஞ்ச பொறவுதான் சனம் நம்பி நின்னுச்சு. ஆடித்தபசு அன்னைக்குக் கூரையிலகூட ஏறப் பாப்பான், மறுநாளு ஒருத்தன் இருக்க மாட்டான். அத வச்சு ரூட்டு போட முடியுமா?" கண்ணாடிப் பக்கம் திரும்பி, "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஜங்ஷன் கடையில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர் பத்து வாங்கினான். திரும்பியதும் பேன் வீடியோவைப் புதிதாக எடுத்தான். தலைப்பு: 'பேன் மெதுவா சுத்துதா? கண்டன்சர் மாத்துவது எப்படி'. ஏழு நிமிடம். பாட்டு இல்லை. முதல் வாக்கியத்திலேயே பழுது, இரண்டாவதில் எம்சிபி. விளக்கை இடப்பக்கம் வைத்தான், வலக்கையின் நிழல் வயர் மேல் விழாமல் இருக்க. போனை மேலிருந்து கீழே பார்க்கும்படி கட்டினான். குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்தான்.

உள்ளடக்கத்திலும் பொறுமை வந்திருந்தது. முதலில் கண்டன்சர்தானா என்று உறுதி செய்யச் சொன்னான். கரண்ட் இல்லாதபோது இறக்கையைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். இறுக்கமாக நின்றால் பேரிங் போயிருக்கிறது, கண்டன்சர் மாற்றிப் பயனில்லை. பேரிங் சரி என்றால் ரெகுலேட்டரைத் தவிர்த்து நேரடியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது வேகம் வந்தால் கோளாறு ரெகுலேட்டரில். இரண்டும் இல்லையென்றால்தான் மேல் கப்பை இறக்க வேண்டும். பழைய கண்டன்சரின் இரண்டு முனையையும் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் வயரால் தொட்டு மிச்ச சார்ஜை இறக்க வேண்டும். வயர் எது எதில் போயிருக்கிறது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போடுகிறவர்கள் உண்டு. ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் கூடி, பேன் தலை சுட்டு, கடைசியில் வைண்டிங்கே கருகும். பழையதில் எழுதியிருக்கும் அளவுதான் போட வேண்டும். ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது மீட்டரில் 2.38 முதல் 2.62 வரை வந்தால் நல்லது. இதையெல்லாம் பேன் தலையைப் பிரித்து, கருகிய காயிலைக் காட்டியே சொன்னான்.

தை முழுக்க அதற்கு அறுபது பார்வை. மாசியில் நூற்றுப்பத்து. இந்த முறை டிராயரில் இருந்த போனை மாலைவரை எடுக்கவில்லை. வாரம் ஒன்று போட்டான். மிக்சி ஓடாமல் நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் ஆறவிடுவது ஏன் என்று ஒன்று. கப்ளரை மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகி உடையும் என்று ஒன்று. வந்த கேள்விக்கெல்லாம் அன்றன்றே பதில் எழுதினான். ரிமோட் பேனில் கண்டன்சர் எங்கே என்று கேட்டவருக்கு, பிஎல்டிசி பேனில் அப்படி ஒன்று கிடையாது, போர்டுதான் பார்க்க வேண்டும் என்று சொன்னான்.

பங்குனி வெயில் ஏறியது. பேன் வீடியோ ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது என்று நகர்ந்தது. சித்திரையில் நூறைத் தாண்டியது. ஸ்டுடியோவில் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் யூடியூப் தேடலில் இருந்தே வந்திருந்தார்கள்.

ஓர் இரவு கணக்குப் போட்டான். விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார். 2,40,000 நிமிடத்துக்கு 80,000 பார்வை. தினம் நூறு என்றால் எண்ணூறு நாள். அவனிடம் இருந்தது 388 சப்ஸ்கிரைபர். இந்தப் பேன் ஒன்றை வைத்து வருடத்துக்குள் ஆகாது. மழைக்காலத்துக்கு மோட்டார், பண்டிகை மாதத்துக்கு கிரைண்டர் என்று நோட்டில் மாதவாரியாக எழுதத் தொடங்கினான்.

அப்பா பணி முடிந்து வந்து பையை ஆணியில் மாட்டினார். "என்னடே எழுதுத?"

"எந்த மாசம் எது பழுதாகும்னு."

"அப்ப மார்கழிக்கு ஹீட்டர் ராடு போடு. டிப்போவுல ரெண்டு பேரு கேட்டாச்சு."

அதையும் எழுதிக்கொண்டான். போனில் புதுக் கேள்வி வந்திருந்தது. கயத்தாற்றிலிருந்து ஒருவர். கண்டன்சர் மாற்றிய பிறகு பேன் தலைகீழாகச் சுற்றுகிறதாம், காற்றே வரவில்லையாம். இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர்.

"அண்ணே, மெயினை இறக்கிட்டு கண்டன்சரைத் தனியாக் கழட்டுங்க" என்று எழுதினான். "பேன்ல இருந்து வர்ற மூணு வயரையும் ரெண்டு ரெண்டா ஓம்ஸ்ல அளங்க. எந்த ஜோடி அதிகம் காட்டுதோ, அதுல சேராத வயர்தான் காமன். காமனோட குறைவாக் காட்டுறது பெரும்பாலும் ரன்னிங், மத்தது ஸ்டார்ட்டிங். லைன்ல இருந்து வர்ற ஒரு வயர் காமனுக்கு, இன்னொண்ணு ரன்னிங்குக்கு. கண்டன்சர் ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் நடுவுல. நீங்க ரன்னிங்குக்குப் பதிலா ஸ்டார்ட்டிங்ல லைன் கொடுத்திருப்பீங்க. மூணு அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 320, 180, 140. எது எந்த நிற வயரோடு என்றும் எழுதியிருந்தார். அவன் மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பேனை இழுத்து, மூன்று வயருக்கும் வெவ்வேறு நிற டேப் சுற்றி, விளக்கை இடப்பக்கம் நகர்த்தினான்.