ஜர்னல் கிளப் மதிப்பீட்டுத் தாள்: ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன்

பொது மருத்துவம், முதுநிலை மாணவர்களுக்கு

கேள்வி: கோவிட்டால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் (தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள்) கொடுத்தால் 28 நாளுக்குள் இறப்பு குறையுமா?

வடிவமைப்பு: பிரிட்டன், 2020 மார்ச் முதல் ஜூன் வரை. சமவாய்ப்பு முறையில் மருந்துக் குழுவில் 2,104 பேர், வழக்கமான சிகிச்சையில் 4,321 பேர். மருந்துப்போலி கிடையாது. யாருக்கு என்ன மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியும்.

சாய்வு: ஒதுக்கீடு இணையவழியில் நடந்தது, அடுத்தவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. மறைப்பு இல்லாதது முதன்மை முடிவைப் பெரிதாகப் பாதிக்காது, ஏனெனில் இறப்பைக் கணக்கிட யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் அப்படியல்ல. அதை மருத்துவர்தான் முடிவு செய்கிறார், அதனால் மருந்துக் குழுவில் 67.2%, எதிரில் 63.5% என்ற வித்தியாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் சுமார் 8% பேர் இதே மருந்தைப் பெற்றார்கள். அது பலனைக் குறைத்துக் காட்டியிருக்குமே தவிர, கூட்டியிருக்காது.

முடிவுகள்: இறப்பு 22.9%, எதிரில் 25.7%. இரண்டையும் வகுத்தால் 0.89 வருகிறது, கட்டுரையிலோ 0.83 (95% நம்பிக்கை இடைவெளி 0.75–0.93). தவறில்லை. மருந்துக் குழுவினர் சராசரியாக 1.1 வயது மூத்தவர்கள். வயதைச் சரிசெய்த பிறகு வந்த எண் அது. கச்சா வித்தியாசம் 2.8 புள்ளி, அதாவது ஏறத்தாழ 36 பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர்.

ஆனால் இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு வார்டுக்குப் போகாதீர்கள். ஆய்வில் சேரும்போது இருந்த சுவாச உதவியைப் பொறுத்து, முன்கூட்டியே திட்டமிட்ட உட்பிரிவுகள் இவை:

வென்டிலேட்டர்: 29.3%, எதிரில் 41.4% (0.64, 0.51–0.81)
ஆக்சிஜன் மட்டும்: 23.3%, எதிரில் 26.2% (0.82, 0.72–0.94)
ஆக்சிஜன் தேவைப்படாதவர்: 17.8%, எதிரில் 14.0% (1.19, 0.92–1.55)

கடைசி வரியில் இடைவெளி 1-ஐக் கடக்கிறது, அதனால் தீங்கு உறுதி என்று சொல்ல முடியாது. பலன் உண்டு என்று சொல்லவும் எந்த ஆதாரமும் இல்லை.

குறைகள்: மருந்தால் வந்ததாகக் கருதப்பட்ட கடுமையான விளைவுகள் நான்கு மட்டுமே பதிவாகின, அவற்றில் இரண்டு சர்க்கரை ஏற்றம். இவ்வளவு பெரிய ஆய்வுக்கு இது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. பக்கவிளைவை விரிவாகத் தேடும் ஆய்வாக இது அமைக்கப்படவில்லை.

நம் வார்டுக்கு: ஆக்சிஜன் தேவைப்பட்டால் கொடுங்கள். 96% செறிவோடு அறைக்காற்றில் மூச்சுவிடுபவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுத வேண்டாம். 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் பலருக்கு நீரிழிவும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருந்தன. சர்க்கரை நோயாளிக்குத் தொடங்கினால் அன்றே குளுக்கோஸ் சார்ட்டும் தொடங்குங்கள்.