சுங்கத்தில் நிறுத்தி வைத்துள்ள பார்சல் CP407162539MY: மதிப்பைச் சரிபார்க்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்
மு. காளீஸ்வரி,
சின்னப்பாலம், பாம்பன் – 623521,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உதவி ஆணையர் அவர்கள்,
சுங்கத்துறை, வெளிநாட்டு அஞ்சல் பிரிவு.

நாள்: 03.07.2025

பார்வை: 27.06.2025 தேதியிட்ட தங்கள் அறிவிப்பு

ஐயா,

மலேசியா பினாங்கில் வேலை செய்யும் என் தம்பி முனியசாமி 10.06.2025 அன்று அஞ்சலில் அனுப்பிய பார்சல் தங்களிடம் நிற்கிறது. எண் CP407162539MY. அறிவிப்பில் கடைசி எண் மங்கி 0 போலத் தெரிகிறது, அது 9. எடை 4.150 கிலோ. இணையத்தில் பார்த்தால் "Held by Customs" என்றே வருகிறது.

அறிவிப்பில் பொருளின் மதிப்பு 3,840 ரிங்கிட் என்று இருக்கிறது. பெட்டியில் ஒட்டிய CN 23 படிவத்தில் இருப்பது 384.00 ரிங்கிட். புள்ளி இடம் மாறி, மதிப்பு பத்து மடங்காகிவிட்டது என்று நினைக்கிறேன். கடை ரசீதின்படி கணக்கு இது:

முக்குளிக்கும் கண்ணாடி 12, ஒன்று 24.50 வீதம் 294.00
ரப்பர் கையுறை 12 ஜோடி, ஜோடி 6.00 வீதம் 72.00
கண்ணாடிக்கு மாற்று வார் 6, ஒன்று 3.00 வீதம் 18.00
மொத்தம் 384.00 ரிங்கிட்

அஞ்சல் கட்டணம் 112.50 ரிங்கிட் இதில் சேரவில்லை. அந்த ரசீது தனியாக இருக்கிறது.

ஒரே மாதிரி பன்னிரண்டு கண்ணாடி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்று. மரிக்கொழுந்துப் பாசி பாறையில் பிடித்திருக்கும். கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் கை எங்கே படுகிறது என்றே தெரியாது. விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இத்தனை நாளும் பறித்தோம், அதனால் கையுறையும் கேட்டு வாங்கினோம். விற்பனைக்கு அல்ல. பணம் பன்னிரண்டு பேரும் போட்டுத் தம்பிக்கு அனுப்பியது.

படிவத்தில் தம்பி 'பரிசு' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறான். நல்லெண்ணத்தில் செய்த தவறு அது. 2019 டிசம்பரிலிருந்து பரிசு என்று சொல்லி வரியில்லாமல் எடுக்க முடியாது என்று எங்கள் அஞ்சலகத்தில் சொன்னார்கள். ஆகவே வரிவிலக்கு கேட்கவில்லை. 384.00 ரிங்கிட்டை அடிப்படையாக வைத்துத் தாங்கள் போடும் வரியைக் கட்டுகிறோம். குழுவுக்காக வாங்கியதால் சொந்த உபயோகம் என்று ஏற்க முடியாது என்றால், வேறு என்ன ஆவணம் தரவேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை பார்சலைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்தது, நாங்களும் கடலில் இறங்கிவிட்டோம். இப்போது நான்கு பேருக்கு ஒரு பழைய கண்ணாடி.

CN 23 படிவ நகல், கடை ரசீது, அஞ்சல் கட்டண ரசீது, பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, என் ஆதார் நகல், பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட தாள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மு. காளீஸ்வரி