மே 16, 17 ஆன்லைன் சதுரங்கப் போட்டி: உங்கள் கணினி எப்படி இருக்க வேண்டும்

கும்பகோணம்
4 மே 2026

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதால் நாம் வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் மண்டபம் இந்த முறை கிடைக்கவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் லீவுக்கு வெளியூர் போயிருக்கிறார்கள். அதனால் கோடைக்கால ரேபிட் போட்டியை மே 16 சனி, 17 ஞாயிறு இரண்டு நாளும் lichess.org தளத்தில் நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சுவிஸ் முறை, ஏழு சுற்றுகள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். சனிக்கிழமை மதியம் 3 மணி முதல் நான்கு சுற்று, ஞாயிறு அதே நேரத்தில் மூன்று சுற்று.

அறிவிப்பு போனதிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எங்க வீட்டு லேப்டாப் போதுமா, புதுசு வாங்கணுமா?" வாங்க வேண்டாம். போட்டிக்காக ஒருவரும் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

சதுரங்கப் பலகை கணினிக்கு ஒரு பாரமே இல்லை. லிச்செஸ் பிரௌசரிலேயே ஓடும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நகர்த்தல் ஒவ்வொன்றும் சில எழுத்துகள் அளவுதான் இணையத்தில் போகும். கணினியைத் திணறடிப்பது அதனோடு சேர்ந்து ஓடும் ஜூம். போட்டி முடியும்வரை உங்கள் கேமரா ஓட வேண்டும், திரை முழுவதும் நடுவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்து ஜன்னலில் செஸ் இன்ஜின் ஓடுகிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆக, கீழே நான் கேட்பதெல்லாம் சதுரங்கத்துக்காக அல்ல, கண்காணிப்புக்காக.

குறைந்தபட்சம் இது இருக்கட்டும்: 2 கிகாஹெர்ட்ஸ் டூயல் கோர் பிராசசர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10 அல்லது 11. புதுப்பிப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கும் மேக் அல்லது லினக்ஸ் ஆனாலும் சரி. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸின் இன்றைய பதிப்பு, வேலை செய்யும் வெப்கேம், மைக். 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 4 ஜிபி என்றால் போட்டி நேரத்தில் ஜூமும் லிச்செஸ் திறந்த ஒரே ஒரு டேபும் தவிர வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பலர் கேட்டீர்கள். அது எதற்கும் வேண்டாம்.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறிய பெட்டியில் இதைத் தட்டி என்டர் கொடுங்கள்:

```
dxdiag
```

முதல் பக்கத்திலேயே Operating System, Processor, Memory என்று மூன்று வரிகள் வரும். Memory என்ற இடத்தில் 4096MB என்று இருந்தால் அது 4 ஜிபி. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டால் போதும், ஆகுமா ஆகாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன்.

விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் கவனிக்க. குரோம் பிரௌசர் 109-வது பதிப்போடு இவற்றைக் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்குத் திறந்து விளையாடினால் ஓடலாம், நடுப் போட்டியில் திரைப் பகிர்வு மக்கர் செய்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அவற்றை ஏற்க மாட்டோம். விண்டோஸ் 10-க்கும் சென்ற அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. ஆனாலும் நம் இரண்டு நாள் போட்டிக்கு அது தாராளமாகப் போதும்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் இருக்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்தது இப்போது தம்பி கையில் இருக்கும். ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான். அது நமக்குப் பற்றாது. தெரிந்த சர்வீஸ் கடையில் காட்டி இன்னொரு ராம் போட இடமிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பலதும் சார்ஜரைப் பிடுங்கிய நொடியே அணைந்துவிடும் நிலையில்தான் இருக்கின்றன.

செல்போனில் விளையாட அனுமதி இல்லை, டேப்லெட்டும் கூடாது. சின்னத் திரையில் விரல் பட்டு மந்திரி பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்தால் அதையும் நகர்த்தலாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தவிர, போன் உங்களுக்கு வேறு வேலைக்கு வேண்டும். அதுதான் இரண்டாவது கேமரா. உங்களுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், ஒரு புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வையுங்கள். திரை, மௌஸ், இரண்டு கைகள், மேஜை எல்லாம் தெரிய வேண்டும். போனிலிருந்தும் அதே ஜூம் கூட்டத்தில் சேரலாம், ஆனால் ஒலியை இணைக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து கிரீச்சிடும். போனையும் சார்ஜரில் போட்டு வைப்பது முக்கியம். வீட்டில் ஒரே போன்தான், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கழக அறையில் இரண்டு கணினிகள் தயாராக இருக்கும்.

டச்பேடை நம்பாதீர்கள். வயர் உள்ள சாதாரண மௌஸ் ஒன்று போதும். ஹெட்போன், புளூடூத் இயர்பட்ஸ் எதுவும் காதில் இருக்கக் கூடாது. இரண்டாவது மானிட்டர் இருந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள்களை மூடிவிட வேண்டும். பிரௌசரில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜூமுக்குத் திரையைக் காட்ட அனுமதி தராவிட்டால் நடுவருக்குத் திரை தெரியாது. System Settings-இல் Privacy & Security-க்குள் போய், Screen என்று தொடங்கி Recording என்று முடியும் பகுதியில் ஜூமை இயக்கிவிட்டு, ஜூமை மூடித் திறக்க வேண்டும். இதைப் போட்டி தொடங்கும் நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால் முதல் சுற்றுக் கடிகாரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

இனி இணைய வேகம். விளம்பரத்தில் சொல்லும் வேகம் டவுன்லோடு வேகம். நமக்கு வேண்டியது அப்லோடு. கணினியிலிருந்து திரையும் முகமும், போனிலிருந்து மேஜையும் வெளியே போகின்றன அல்லவா? fast.com தளத்தைத் திறந்து, எண் நின்றதும் Show more info என்பதை அழுத்துங்கள். Upload என்ற இடத்தில் 3 எம்பிபிஎஸ்-க்குக் குறையாமல் வர வேண்டும். வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போல் டிவியும் வீடியோவும் பார்த்துக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் சோதியுங்கள், விடியற்காலையில் வரும் எண்ணை வைத்து ஏமாறாதீர்கள்.

அப்புறம் lichess.org/lag பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். லிச்செஸ் சர்வர்கள் பிரான்ஸில் இருக்கின்றன. அதனால் இங்கிருந்து 150, 200 மில்லி விநாடி காட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. தாமதத்தில் ஒரு பகுதியைத் தளமே கடிகாரத்தில் ஈடுகட்டிவிடும். ஒரு சமயம் 180, அடுத்த சமயம் 900 என்று எண் துள்ளினால்தான் கவலை. பெரும்பாலும் வைஃபை பலவீனம்தான் காரணம். ரவுட்டர் ஹாலில், நீங்கள் மாடி அறையில் என்றால் ஹாலுக்கு இறங்கி வாருங்கள். லேன் கேபிள் போட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விளையாடலாம், தடையில்லை. ஆனால் தினம் 1.5 ஜிபி தரும் பிளானில் நான்கு சுற்று ஓடாது. 600 கேபிபிஎஸ் வீதம் ஒரு வீடியோ போனாலே மணிக்கு 270 எம்பி. உங்களிடமிருந்து போவது இரண்டு கேமரா, ஒரு திரை. அன்றைக்கு டேட்டா கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கரண்ட். கணினி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நம் ஊரில் ஆட்டத்தை முடித்து வைப்பது மின்வெட்டுதான். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் கட்டாயம். லேப்டாப் தாங்கும், ஆனால் ரவுட்டர் தாங்காதே! ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் விற்கிறது. அது இல்லாதவர்கள் போன் ஹாட்ஸ்பாட்டுடன் கணினியை ஒருமுறை இணைத்து வைத்திருங்கள். கடவுச்சொல் நினைவில் இருந்தால் கரண்ட் போனதும் அரை நிமிடத்தில் மாறிவிடலாம்.

வெயிலையும் மறக்காதீர்கள். சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவர் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து விளையாடினார். அடியில் காற்றுப் போக வழியில்லை. யானையும் இரண்டு சிப்பாயும் கூடுதலாக இருந்த நிலையில் கணினி சூடேறித் தானாக அணைந்தது. அது மறுபடி எழுந்து வருவதற்குள் கடிகாரம் முடிந்துவிட்டது. மேஜைமேல் வையுங்கள், ஃபேன் ஓடட்டும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பீர்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், நேரம் முடிந்தால் தோல்விதான், மறு ஆட்டம் கிடையாது. 2020-இல் ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணையம் அறுந்து நேரத்தில் தோற்றார்கள். உலகளாவிய கோளாறு என்பதால் கடைசியில் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். நம் பரிசுக் கோப்பை ஒன்றுதான், அதைப் பாதியாக வெட்ட முடியாது.

பதிவுக்குக் கடைசி நாள் மே 12. கட்டணம் பெரியவர்களுக்கு 200 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு 100 ரூபாய். பதிவு செய்தவர்களுக்கு லிச்செஸில் நம் அணியில் சேரும் கடவுச்சொல்லும் ஜூம் இணைப்பும் வாட்ஸ்அப்பில் வரும். மே 13 புதன்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு வெள்ளோட்டம் உண்டு. போட்டியில் உட்காரப்போகும் அதே இடத்தில், அதே கணினியில், இரண்டு கேமராவுடன் வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். அன்று வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்னோடு பேசி வேறு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளோட்டம் முடிக்காதவர்களின் பெயர் சனிக்கிழமை ஜோடிப் பட்டியலில் வராது.

இப்படிக்கு,
செயலாளர்

பின்குறிப்பு: கழக அறைக் கணினிகள் இரண்டுக்கும் முதலில் கேட்பவர்களுக்கே முன்னுரிமை. மௌஸ் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்தால் நல்லது, அங்கிருப்பதில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை.