நோன்பு மாதத்தில் விளையாட்டுப் பயிற்சி, தேர்வு நேரத் தளர்வு வேண்டி

அனுப்புநர்
ரஹ்மத் நிஷா
(ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஆயிஷாவின் தாயார்)

பெறுநர்
தலைமை ஆசிரியை அவர்கள்

நாள்: 10.02.2026

பொருள்: ரமலான் நோன்பு நாட்களில் என் மகளுக்கு ஓட்டப் பயிற்சி, மாதிரித் தேர்வு ஆகியவற்றின் நேரத்தை மாற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இம்மாதம் 18 அல்லது 19ஆம் தேதி ரமலான் தொடங்குகிறது. பிறை தெரிந்த பிறகுதான் நாள் உறுதியாகும் என்பதால் இரண்டு தேதிகளையும் எழுதியிருக்கிறேன். 29 அல்லது 30 நாட்கள் நீடிக்கும். ஆயிஷா இந்த ஆண்டும் முழு மாதமும் நோன்பு வைக்கப்போகிறாள். பள்ளி அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். மார்ச் 2 முதல் 10 வரை மாதிரித் தேர்வு, மார்ச் 14 விளையாட்டு விழா. இரண்டும் நோன்புக்குள்ளேயே வருகின்றன. அதனால்தான் முன்கூட்டியே இந்தக் கடிதம்.

அவளுடைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். அதிகாலை நாலே காலுக்கு எழுந்து ஐந்து மணிக்குள் சஹர் சாப்பாட்டை முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறையும் வரை சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. நோன்பு திறந்து, இரவுத் தொழுகை முடிந்து படுக்கப் பத்தரை ஆகிவிடும். ஆறு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. ஆனாலும் காலையில் பள்ளிக்கு வரும்போது நன்றாகத்தான் இருப்பாள். மதியம் இரண்டு மணி வரை அவள் நோன்பு என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மேல்தான் சிரமம். பசியைவிடத் தாகமும் தலைவலியும்தான் அவளைப் படுத்தும்.

சென்ற ஆண்டு கணக்குத் தேர்வு பிற்பகல் ஒன்றரைக்கு நடந்தது. திருத்திய விடைத்தாளை அவள் கொண்டுவந்தபோது பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முதல் நான்கு பக்கங்களில் எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. ஐந்தாம் பக்கத்திலிருந்து வரி கீழ்நோக்கி இறங்குகிறது. கடைசிப் பக்கத்தில் வரைபடத்தின் இரண்டு அச்சுகளையும் மாற்றிப் போட்டிருந்தாள். வீட்டில் உட்கார வைத்து அதே கணக்கைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டாள். அந்த மதிப்பெண்ணுக்காக அப்போதும் நான் பள்ளிக்கு வரவில்லை, இப்போதும் கேட்கவில்லை. காலையில் எழுதியிருந்தால் அந்தத் தாள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

இந்த ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிற்பகல் என்று போட்டிருக்கிறது. காலையில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கூடத்தில் எழுதுவதால்தான் அப்படி என்று வகுப்பாசிரியர் சொன்னார். அட்டவணை முழுவதையும் புரட்டிப் போடச் சொல்லவில்லை. நான்காம் தேதி கணக்கு, ஆறாம் தேதி அறிவியல் ஆகிய இரண்டு தாள்களை மட்டும் ஆயிஷாவும், அதே பிரிவில் நோன்பு வைக்கும் மற்ற மூன்று பிள்ளைகளும் காலையில் நூலக அறையில் உட்கார்ந்து எழுத அனுமதிக்க முடியுமா? வினாத்தாள் வெளியே போய்விடுமோ என்ற கவலை நியாயமானது. பிற்பகல் தேர்வு தொடங்கும் வரை நால்வரும் அதே அறையிலேயே இருக்கட்டும். மதிய உணவுக்கு எழுந்து போக வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லையே. கூடுதல் நேரமோ எளிய வினாத்தாளோ வேண்டாம். மற்ற பாடங்களை எல்லோருடனும் சேர்ந்து பிற்பகலிலேயே எழுதுவாள்.

அடுத்தது ஓட்டம். நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக ஓடுகிறாள். பயிற்சி மாலை நாலே காலுக்கு. நோன்பு திறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிற வேளை. சென்ற ஆண்டு ஆறு சுற்று ஓடிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துத் துப்பினாளாம். “நோன்பு போச்சா?” என்று தோழிகள் கேலி செய்திருக்கிறார்கள். வாய் கொப்பளிக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு எட்டு மணிக்கே சுருண்டு படுத்துவிட்டாள்.

பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு மாற்றினால் குழுவில் மற்ற மூவருக்கும் சம்மதமா என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டுப் பார்க்கட்டும். முடியாவிட்டால், மாலையில் ஆயிஷா கட்டை கைமாற்றும் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, மற்றவர்களின் முழு வேக ஓட்டத்துக்கு நிறுத்துகடிகாரம் பிடித்து நேரம் குறிக்கட்டும். விழாவன்று தொடர் ஓட்டத்தை முற்பகலில் வைத்தால் ஓடிவிடுவாள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவள் நன்மைக்கு என்று நினைத்துக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் முழுவதும் ரமலானில்தான் நடந்தது. சில வீரர்கள் நோன்போடு களமிறங்கினார்கள். சிலர் நோன்பைத் தள்ளிவைத்துப் பிறகு வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் இவள் என்னிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள்.

இனி நீங்கள் தயங்கக்கூடிய ஒரு விஷயம். மயக்கம் வந்தாலோ, கை கால் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே தண்ணீர் கொடுத்துவிடுங்கள். எனக்குப் போன் செய்து அனுமதி வாங்கிய பிறகுதான் என்று காத்திருக்க வேண்டாம். உடம்பு முடியாதவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு அதைக் களாவாக வைக்க மார்க்கத்திலேயே இடமிருக்கிறது. அவளிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். பிடிவாதக்காரி; நீங்கள் சொன்னால் கேட்பாள்.

மதிய உணவு வேளையில் அவளைத் தனியாக எங்கும் அனுப்ப வேண்டாம், மற்ற பிள்ளைகள் அவளிடமிருந்து மறைத்துச் சாப்பிடவும் வேண்டாம். தோழிகளோடு உட்கார்ந்து பேசத்தான் அவளுக்குப் பிடிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் அவளே நூலகத்துக்குப் போவாள். அந்த அரை மணி நேரம் அங்கே தலை சாய்க்க அனுமதி இருந்தால் போதும்.

இந்தப் பத்தியை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. அந்த நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, “இன்று ஏன் நோன்பு இல்லை?” என்று வகுப்பில் யாராவது கேட்டால் குன்றிப்போவாள். சென்ற ஆண்டு அப்படிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். யார் யார் நோன்பு என்று தினமும் கையைத் தூக்கச் சொல்லாமல் இருந்தாலே போதும். பயிற்சி நேர மாற்றத்தையும் நாளுக்கு நாள் கணக்குப் பார்க்காமல் மாதம் முழுவதற்குமாகக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற மூன்று பிள்ளைகளின் பெற்றோரிடமும் பேசிவிட்டேன். காலையில் எழுதுவதற்கு அவர்களுக்கும் சம்மதம். தனித்தனியாகக் கையெழுத்திட்டுத் தருவார்கள். நூலக அறையில் கண்காணிக்க ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்றால் கணக்குத் தாளை மட்டுமாவது மாற்றித் தாருங்கள்.

12ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறேன். அந்த நேரம் தங்களுக்குத் தோதுப்படாவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் உள்ள என் எண்ணுக்குச் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரஹ்மத் நிஷா