காலையில் 34.1, சாயங்காலம் 31.6: எந்த ரீடிங்கை வைத்துக்கொள்வது?

மதுரை
14.05.2025

கலைவாணி அக்காவுக்கு வணக்கம்.

உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் வீட்டு எடை மெஷினில் நீங்கள் எடுத்து அனுப்பிய ஒன்பது நாள் ரீடிங்குகளையும் பார்த்தேன். ஒரு நாள்கூட விடாமல் காலையும் மாலையும் குறித்திருக்கிறீர்கள். ஒன்பது நாளும் காலையில் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் வந்திருக்கிறது. உங்கள் மெஷின் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போன மெஷின் இப்படி ஒரே பக்கமாகச் சாயாது, தாறுமாறாகக் காட்டும்.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காலை ரீடிங் ஏறுகிறது என்று நாலு நாளாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டதாகவும், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள் அக்கா. தண்ணீரைக் குறைத்தால் காலை ரீடிங் இறங்காது, இன்னும் ஏறும். ஏன் என்று புரிந்துவிட்டால் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட மாட்டீர்கள்.

அந்த மெஷினுக்குக் கொழுப்பை நேரடியாக அளக்கத் தெரியாது. நீங்கள் வெறுங்காலுடன் ஏறி நின்றதும் ஒரு பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்புகிறது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். அது ஒரு காலில் ஏறி, அடிவயிற்றைக் கடந்து, மறு காலில் இறங்குகிறது. தசையிலும் ரத்தத்திலும் உப்பு கலந்த தண்ணீர் நிறைய இருப்பதால் மின்சாரம் அங்கே சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் தடை அதிகம். மெஷின் அளப்பது இந்தத் தடையை மட்டும்தான். உயரத்தின் வர்க்கத்தை அந்தத் தடையால் வகுத்து, எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, உடம்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று ஊகிக்கிறது. கொழுப்பு போக மீதி உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்ற கணக்கைக்கொண்டு தசை, எலும்பு, உறுப்புகள் எல்லாம் சேர்ந்த எடையைச் சொல்கிறது. மொத்த எடையில் அதைக் கழித்து, மிச்சம் எல்லாவற்றையும் கொழுப்பு என்று எழுதிவிடுகிறது.

ஆகவே தண்ணீர் எவ்வளவு, எங்கே நிற்கிறது, தோல் சூடா குளிர்ச்சியா என்பதெல்லாம் மாற மாற, கொழுப்பு ஒரு கிராம்கூட மாறாமலே கொழுப்பு சதவீதம் மாறும்.

திங்கட்கிழமைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். காலை 5.40-க்கு 68.4 கிலோ, 34.1 சதவீதம். அதாவது கொழுப்பு 23.3 கிலோ, மீதி 45.1 கிலோ. இரவு 7.45-க்கு 69.3 கிலோ, 31.6 சதவீதம். அதாவது கொழுப்பு 21.9 கிலோ, மீதி 47.4 கிலோ. மெஷின் சொல்வதை நம்பினால் பதினான்கு மணி நேரத்தில் 1.4 கிலோ கொழுப்பு கரைந்திருக்கிறது, 2.3 கிலோ தசை வளர்ந்திருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 1.4 கிலோவுக்குப் பதினோராயிரம் கலோரி பக்கம் வரும். வேகநடையில் மணிக்கு 300 கலோரி போகிறது என்று தாராளமாக வைத்தாலும் 36 மணி நேரம் நிற்காமல் நடக்க வேண்டும். நடந்திருக்க வழியே இல்லை. மாறியது தண்ணீர்தான்.

எப்படி மாறியது? இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது காலில் தேங்கிய நீர் மேல்நோக்கி நகர்ந்து உடம்பு முழுக்கப் பரவிவிடும். உங்கள் மெஷின் காலிலிருந்து காலுக்கு மட்டும் மின்சாரம் விடுகிற வகை. எழுந்தவுடன் ஏறினால் கால்களில் நீர் குறைவாக இருக்கும், தடை அதிகமாக வரும், கொழுப்பு கூடுதலாகத் தெரியும். இந்த மே மாத வெக்கையில் ஃபேன் காற்றிலேயே இரவு முழுக்க வேர்த்து, மூச்சிலும் ஈரம் போயிருக்கும், ஏழெட்டு மணி நேரமாகத் தண்ணீரும் குடித்திருக்க மாட்டீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே தண்ணீரை நிறுத்தியபோது இந்த வறட்சியை நீங்களே கூட்டிவிட்டீர்கள்.

சாயங்காலம் இதற்கு நேரெதிர். பகலெல்லாம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தும் நின்றும் வேலை பார்ப்பதால் கணுக்காலில் நீர் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த தடம் தெரிகிறதல்லவா, அந்த நீர்தான். அதற்குமேல் ஒர்க்அவுட் முடித்து அரை மணி நேரத்துக்குள் மெஷினில் ஏறியிருக்கிறீர்கள். தோல் சூடாக இருக்கும், தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடும், பாதத்தில் வேர்வை இருக்கும். எல்லாமே தடையைக் குறைக்கும். மத்தியானச் சாப்பாடு செரித்து, அதன் நீரும் உப்பும் ரத்தத்தில் கலந்துவிட்டதும் அதே பக்கம்தான் இழுக்கும். ஒர்க்அவுட்டுக்குப் பிறகு சதவீதம் இறங்கியதை ‘இன்றைக்கு எரிந்தது’ என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வெறும் சூட்டின் விளைவு. அந்த நேரத்து ரீடிங்கை நான் எழுதிக்கொள்வதே இல்லை.

நாலாம் நாள் சாயங்காலம் மட்டும் 33.2 வந்ததே என்று கேட்டிருந்தீர்கள். அன்று வந்தவுடன் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு ஏறினேன் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறீர்கள், காரணம் அதுதான். குடித்தவுடன் வயிற்றில் நிற்கிற நீர், எடையில் உடனே ஏறும். ஆனால் மின்சாரம் போகும் பாதைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, தடை மாறாது. அதனால் அந்த அரைக் கிலோவின் பெரும்பகுதியை மெஷின் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் ரீடிங் எடுத்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி ஏறிப் பாருங்கள். சதவீதம் ஏறியிருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது ஏறினாலும் இதே கதைதான்.

காலையா, மாலையா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டில் எதுவும் உங்கள் உண்மையான கொழுப்பு இல்லை. வீட்டு மெஷின் ஒரு தனி மனிதரின் கொழுப்பைச் சொல்லும்போது சில புள்ளிகள் மேலேயோ கீழேயோ தவறலாம். ஆனால் ஒரே மாதிரி நிலையில் அளந்தால் ஒரே மாதிரி தவறும், ஆகவே மாற்றத்தைக் காட்டும். அந்த ஒரே மாதிரி நிலை காலையில்தான் கிடைக்கும். சாயங்காலம் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு வேர்த்தது என்பது தினமும் வேறு வேறு.

இனி வாரத்தில் மூன்று காலை மட்டும் போதும்: வியாழன், ஞாயிறு, திங்கள். நீங்கள் புதன், சனி, ஞாயிறு ஒர்க்அவுட் செய்வதில்லை, அதனால் இந்த மூன்று காலையிலும் முந்தைய நாளின் பயிற்சிச் சூடோ வேர்வை இழப்போ குறுக்கே வராது. எழுந்து, பாத்ரூம் போய்வந்து, எதுவும் குடிக்காமல், பதினைந்து நிமிடம் வீட்டுக்குள் நடமாடிவிட்டு ஏறுங்கள். படுக்கையிலிருந்து நேராக மெஷினுக்குப் போனால் நீர் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடத்துக்கு ஒரு எண் வரும். குளிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வெந்நீர் தோலைச் சூடாக்கும். இரவில் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள்.

பாதத்தை ஈரத் துணியால் துடைத்து, சொட்டாத அளவு ஈரத்தோடு, குதிகாலும் முன்பாதமும் உலோகத் தகட்டில் நன்றாகப் படும்படி நில்லுங்கள். பித்தவெடிப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். காய்ந்து தடித்த குதிகால் தடையைக் கூட்டிக் காட்டும், அதனால் ஈரம் முக்கியம். ஆனால் இரவு தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் காலையில் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். ஒட்டினால் மின்சாரம் அடிவயிறு வரை போகாமல் நடுவிலேயே குறுக்கு வழியில் திரும்பி, கொழுப்பைக் குறைத்துக் காட்டும். தேவைப்பட்டால் நடுவில் காய்ந்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டாம், எப்போதும் போட்டபடியே ஏறுங்கள். மெஷினை டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள், பாயின்மேல் வேண்டாம்.

மெஷினோடு இணைந்த மொபைல் ஆப்பையும் ஒரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் உயரம் 160 என்று இருக்கிறது. ஜிம்மில் சேரும்போது நான் அளந்தது 158. கணக்கில் உயரம் வர்க்கமாக வருவதால் 2 சென்டிமீட்டர் பிசகே அந்த இடத்தில் 2.5 சதவீதத்தைக் கூட்டிவிடும், தசை அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் வரும். 158 என்று திருத்துங்கள். திருத்தியதும் ரீடிங் சற்று ஏறினால் பதற வேண்டாம், அது திருத்தத்தால் வந்தது. ‘அத்லெட் மோடு’ ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது வேறொரு சூத்திரத்துக்கு மாறிக் கொழுப்பைக் குறைத்துக் காட்டும், உங்களுக்கு அது பொருந்தாது.

மூன்று ரீடிங்கின் சராசரியைத்தான் ஒரு வாரத்தின் எண்ணாக எழுத வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும், எடை ஒரு கிலோ வரைகூட ஏறலாம். ஆகவே இந்த வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல், அடுத்த மாதம் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் அரைப் புள்ளி இறங்கினாலே உங்கள் திட்டப்படி சரியான வேகம். ஜிம்மில் கைப்பிடியும் சேர்ந்த பெரிய மெஷின் காட்டும் எண்ணை வீட்டு எண்ணோடு சேர்க்க வேண்டாம். அதன் மின்சாரம் கை, உடம்பு எல்லாவற்றின் வழியாகவும் போகிறது, சூத்திரமும் வேறு.

வெள்ளிக்கிழமை வரும்போது ஒர்க்அவுட் தொடங்கும் முன்பே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவும், கேலிப்பரால் மேற்கையின் பின்பக்கம், இடுப்பெலும்புக்கு மேல், தொடை என்று மூன்று இடத்தில் தோல் மடிப்பும் எடுக்கிறேன். ஒர்க்அவுட்டுக்குப் பின் எடுத்தால் தோல் உப்பியிருக்கும், அளவு தப்பும். ஏப்ரல் முதல் வாரத்தில் இடுப்பு 94 சென்டிமீட்டர் இருந்தது. என்னைப் பொறுத்தவரை மெஷினைவிட அந்த டேப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

வீட்டில் அம்மாவும் ஏறிப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அவர்களுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது என்று முன்பு பேசியது ஞாபகம். அவர்கள் இந்த மெஷினில் ஏறவே கூடாது. எடை பார்க்க மின்சாரம் விடாத சாதா எடை மெஷின் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள்.

இன்று இரவு வழக்கம்போல இரண்டு சப்பாத்தியும் கூட்டும் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுத் தூங்குங்கள். நாளை வியாழன், முதல் ரீடிங்கை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
பிரபு