ஆளுக்கு முக்கால் தோசை

கண்ணு, உன் நோட்டில் 3 ÷ 3/4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குக் கீழே 3 × 4/3 = 4 என்று எழுதியிருக்கிறாய். விடை சரிதான். ஆனால் வகுத்தல் எப்படிப் பெருக்கல் ஆனது, முக்கால் ஏன் தலைகீழாக நின்றது என்று கேட்டாய். வா, தோசையை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் இட்லி. 12 இட்லி இருக்கிறது, தட்டுக்கு 3 வைக்கிறோம். எத்தனை தட்டு நிரம்பும்? நாலு. இதுதான் 12 ÷ 3. வகுத்தல் கேட்கிற கேள்வி இதுதான்: ஒரு தட்டுக்கு இவ்வளவு வைத்தால், எத்தனை தட்டுக்கு வரும்? 12 இட்லியை 3 பேருக்குப் பங்கு போடுவதும் வகுத்தல்தான். ஆனால் இன்றைக்கு அந்த வழி வேண்டாம். முக்கால் ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? தட்டுக்கு முக்கால் தோசை வைக்கலாம், அது முடியும்.

இப்போது 3 தோசை. ஆளுக்குப் பாதி. எத்தனை பேர் சாப்பிடலாம்? ஒரு தோசையை நடுவில் மடித்துப் பிய்த்தால் 2 பாதி. மூன்று தோசையையும் அப்படியே பிய்த்தால் 2, 4, 6. ஆக 6 பேர். வகுத்தலாக எழுதினால் 3 ÷ 1/2. நாம் எண்ணிய விதத்தை எழுதினால் 3 × 2. இந்த 2 எங்கிருந்து வந்தது என்று கவனி. ஒரு தோசைக்குள் எத்தனை பாதி இருக்கிறது என்பதுதான் அந்த 2.

கால் காலாகப் பிய்த்தால் ஒரு தோசைக்கு 4 துண்டு. 3 ÷ 1/4 என்றால் 3 × 4, அதாவது 12 பேர். துண்டு சின்னதாக ஆக ஆக, ஆட்கள் கூடுகிறார்கள். வகுத்தால் எண் எப்போதும் குறையும் என்று நினைத்திருப்பாய். 1-ஐ விடப் பெரிய எண்ணால் வகுத்தால் குறையும். 1-ஐ விடச் சின்னதால் வகுத்தால் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழுத் தோசைகூடப் போவதில்லை.

இங்கே வாய்வார்த்தையில் ஒரு வழுக்கல் உண்டு. “மூன்று தோசையைப் பாதியாகப் பிரி” என்றால் இரண்டு பேருக்கு ஒன்றரை ஒன்றரையாக வரும். அது 3 ÷ 2. “மூன்று தோசையைப் பாதி பாதியாகப் பிரி” என்றால் ஆறு துண்டு வரும். அதுதான் 3 ÷ 1/2. ‘பாதி’ என்று ஒரு தடவை சொல்கிறோமா இரண்டு தடவை சொல்கிறோமா என்பதில் கணக்கே மாறிவிடுகிறது. குழப்பமாக இருந்தால் “ஆளுக்கு” என்ற சொல்லைச் சேர்த்துப் பார்: ஆளுக்குப் பாதி, ஆளுக்குக் கால்.

இனி உன் கணக்கு. 3 தோசை, ஆளுக்கு முக்கால். முழுத் தோசையிலிருந்து முக்காலை அப்படியே பிய்த்துப் பிய்த்து எடுத்தால் ஓரத்தில் துண்டுகள் மிஞ்சி எண்ணிக்கை தடுமாறும். அதனால் இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்.

முதல் வேலை, எல்லாத் தோசையையும் கால் காலாகப் பிய்ப்பது. முதலில் நடுவில் ஒரு பிய்ப்பு, அப்புறம் ஒவ்வொரு பாதியிலும் நடுவில் ஒன்று. துண்டுகள் சமமாக இருக்க வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்றால் அது கால் ஆகாது, கணக்கும் நிற்காது. 3 தோசைக்கு 3 × 4 = 12 துண்டு.

இரண்டாவது வேலை, தட்டில் வைப்பது. முக்கால் என்றால் மூன்று கால். ஆகவே தட்டுக்கு 3 துண்டு. 12 ÷ 3 = 4 தட்டு.

என்ன செய்தோம்? 4-ஆல் பெருக்கினோம், 3-ஆல் வகுத்தோம். 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுப்பதை ஒரே மூச்சில் எழுதினால் × 4/3. முக்காலில் கீழே இருந்த 4, தோசையை எத்தனை துண்டாக்குவது என்று சொல்கிறது. துண்டாக்கினால் எண்ணிக்கை பெருகும், அதனால் அது மேலே போய்ப் பெருக்குகிறது. மேலே இருந்த 3, தட்டுக்கு எத்தனை துண்டு என்று சொல்கிறது. தட்டுக்குத் தட்டு அத்தனை துண்டு போய்விடுவதால் அது கீழே வந்து வகுக்கிறது. இப்படித் திரும்பி நிற்கிற பின்னத்துக்குத்தான் தலைகீழி என்று பெயர்.

சரிதானா என்று பார்க்க, தட்டுகளிலிருந்து திரும்ப எடு. 4 தட்டு, தட்டுக்கு 3 துண்டு, மொத்தம் 12 துண்டு. நாலு நாலாகச் சேர்த்தால் மூன்று முழுத் தோசை.

மிச்சம் விழுகிற கணக்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 2 தோசை, ஆளுக்கு முக்கால். கால் துண்டுகள் 8. இரண்டு தட்டு நிரம்பியதும் 2 துண்டு மிஞ்சும். விடை என்ன? கையில் இருப்பது அரைத் தோசை என்பதால் ‘இரண்டரை’ என்று எழுதத் தோன்றும். ஆனால் கேள்வி எத்தனை தோசை என்பதில்லை, எத்தனை தட்டு என்பதுதான். ஒரு தட்டு நிரம்ப 3 துண்டு வேண்டும், இருப்பதோ 2. அது தட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே விடை 2 2/3 தட்டு. 2 × 4/3 = 8/3, அதே 2 2/3. மிஞ்சியதைத் தோசையால் அளக்காதே, தட்டால் அள.

ஒரு தோசையை மட்டும் எடுத்தாலும் இது தெரியும். நாலு துண்டில் மூன்று ஒரு தட்டுக்குப் போய்விடும், மிஞ்சிய ஒன்று தட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தோசைக்கு 1 1/3 தட்டு, அதாவது 4/3 தட்டு. பாதிக்கு 2 எப்படியோ, முக்காலுக்கு 4/3 அப்படி. தலைகீழி என்பது ஒரு முழுத் தோசைக்கு எத்தனை தட்டு என்ற எண்தான். அது தெரிந்துவிட்டால் எத்தனை தோசை இருக்கிறதோ அத்தனையால் பெருக்க வேண்டியதுதான்.

எதைத் திருப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். முக்கால் தோசை இருக்கிறது, ஆளுக்கு அரை: 3/4 ÷ 1/2. இருப்பது மூன்று கால் துண்டு, தட்டுக்கு இரண்டு. ஒன்றரைத் தட்டு. 3/4 × 2 = 3/2, சரி. முதல் எண்ணைத் திருப்பி 4/3 × 1/2 என்று போட்டால் 2/3 வரும். அது வேறொரு கேள்விக்கு விடை: அரைத் தோசைதான் இருக்கிறது, ஆளுக்கு முக்கால் வேண்டும் என்றால் எத்தனை தட்டு? இருப்பதைத் தொடாதே. தட்டுக்கு எவ்வளவு என்பதைச் சொல்கிற எண்ணை மட்டும் திருப்பு.

வட்டத் தோசையை மூன்று சமத் துண்டாக்குவது கஷ்டம். மூன்று, ஐந்து என்று வந்தால் கோடு போட்டு வெட்டிய கடலைமிட்டாயை எடுத்துக்கொள், அல்லது காகிதத்தில் நீளப் பட்டை வரைந்துகொள். இப்போது நீயே செய்: 4 பட்டை கடலைமிட்டாய், ஆளுக்கு 2/3 பட்டை. முதலில் துண்டுகளை எண்ணு, அப்புறம் தட்டில் வை, கடைசியில் 4 × 3/2 போட்டுப் பார். தட்டில் வைத்தாலும் பெருக்கினாலும் எத்தனை பேர் வருகிறார்கள்?